தரம் 10 பிள்ளை ஒருத்தியும் காலை 5.30 அலாரமும்

அன்பான பெற்றோருக்கு,

மூன்றாம் தவணை முடிந்து முன்னேற்ற அறிக்கை உங்கள் கைக்கு வருகிறது. புள்ளிகளைப் பற்றி வகுப்பாசிரியர்கள் பேசுவார்கள். நான் இந்தக் கடிதத்தில் தரம் 10இல் படிக்கும் ஒரு பிள்ளையின் இந்த வருடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, அவளும் அம்மாவும் சரி சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

வீட்டில் தம்பியோடு வாயடிக்கிற பிள்ளை அவள். வகுப்பில் மட்டும் சத்தமே இல்லை. கொப்பி சுத்தம், வீட்டு வேலை ஒழுங்கு, கேள்வி கேட்டால் தலை குனிந்துவிடும். மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே அவள் முணுமுணுக்கிற பதில் முன் வாங்குக்குக்கூடக் கேட்காது, டீச்சரும் தெரியாது போல என்று அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். இப்படிச் சில வருடம் போனால் அந்தப் பிள்ளையே தனக்குத் தெரியாது என்று நம்பத் தொடங்கிவிடும், அதுதான் எனக்குப் பயம்.

ஜனவரியில் அவளாகவே ஒரு வேலை செய்தாள். அம்மா கொழுந்துக்குப் போக எழும்புகிற நேரத்துக்கு அம்மாவின் போனில் அலாரம் வைத்து, அது அடிக்கும்போது திரையில் "இன்று வகுப்பில் பேசு" என்று வருகிற மாதிரி எழுதி வைத்தாள். தினமும் காலை 5.30க்கு அது அடித்தது. முதலாம் தவணை முழுக்க அடித்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இதை அம்மா வந்து சொன்னபோது கணித டீச்சரும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். அலாரம் அடிப்பது 5.30க்கு. கணிதப் பாடம் பத்து மணிக்கு. இடையில் பல் விளக்கி, தம்பியை வெளிக்கிடுத்தி, பஸ்ஸில் நெரிபட்டு வந்து சேரும்போது காலையில் வந்த தைரியம் எங்கே இருக்கும்? அதோடு "பேசு" என்றால் என்ன பேசுவது, எந்தப் பாடத்தில், யார் கேட்கும்போது? அதில் ஒன்றுமே சொல்லப்படவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இன்றைக்கும் பேசவில்லை என்ற கவலை மட்டும் மிச்சம். நாள்தோறும் நினைவூட்டுகிற ஒன்று நாள்தோறும் தோற்றதையும் நினைவூட்டும், பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

டீச்சர் அந்த வசனத்தை மாற்றச் சொன்னார். இரண்டாம் தவணை முதல் நாள் அவள் கணிதக் கொப்பியில் அன்றைய பக்கத்தின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "டீச்சர் முதல் கணக்கின் விடையைக் கேட்டதும் கையை உயர்த்துவேன்." ஒவ்வொரு நாளும் புதுப் பக்கத்தில் திரும்ப எழுத வேண்டும். ஒட்டி வைத்த துண்டாக இருந்தால் சில நாளில் கண் அதைத் தாண்டிப் போய்விடும், கையால் எழுதும்போது அப்படி நடக்காது. எப்போது, என்ன செய்வது என்று இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது, பாடம் தொடங்கும்போது கண் முன்னாலும் இருக்கிறது.

டீச்சர் தன் பக்கத்திலும் ஒன்றை மாற்றினார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பெரும்பாலும் ஒரு செக்கன் அளவுதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியதும் வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பதில் சொல்லத் தொடங்கினார்கள், பதில்களும் நீண்டன. எங்கள் டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணிய பிறகே பெயர் சொல்ல ஆரம்பித்தார். கூச்சப்படுகிற பிள்ளைக்கு அந்த நேரம் பெரிய நேரம்.

முதல் வாரம் கை தோள்வரை வந்து இறங்கியது. அடுத்த வாரம் உயர்ந்தது. x² + 7x + 12 ஐக் காரணிப்படுத்த எந்த இரண்டு எண்கள் வேண்டும் என்று டீச்சர் கேட்டார், அவள் "இரண்டும் ஆறும்" என்றாள். பின் வாங்கில் சிரித்தார்கள். டீச்சர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பெருக்கல் சரி மகள், பன்னிரண்டு வருகிறது. இப்ப கூட்டிப் பாருங்க" என்றார். கூட்டினால் எட்டு, வேண்டியது ஏழு. "மூன்றும் நாலும்" என்று அவளே திருத்திச் சொன்னாள்.

ஆனாலும் சிரிப்பு மனதில் தங்கிவிட்டது. பிறகு இரண்டு வாரம் கை எழும்பவில்லை. அலாரத்தோடு போராடிய பழைய கதை திரும்பியிருக்கும், டீச்சர் விடவில்லை. வசனத்தைச் சின்னதாக்கினார்: "கணக்கின் முதல் வரியை நான் வாசிப்பேன்." வாசிப்பதில் பிழை வராது, குரல் மட்டும் வெளியே வரும். அது பழகியதும் பழைய வசனத்துக்குத் திரும்பினாள். பெற்றோரும் இதைப் பாருங்கள், பிள்ளை பின்னுக்குப் போனால் ஒரு படி கீழே இறக்கிக் கொடுங்கள், முழுதாக நிறுத்தவும் வேண்டாம், அதே படியில் வைத்துத் தள்ளவும் வேண்டாம்.

மூன்றாம் தவணையில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பலகையில் x² − 5x + 6 = (x − 2)(x − 3) என்று எழுதியிருந்தது. யாரும் எதுவும் கேட்காதபோது அவள் எழும்பி, "ஆறு பிளஸ்தானே டீச்சர், பிறகு ஏன் ரெண்டும் மைனஸ்?" என்று கேட்டாள். அன்றைய வசனத்தில் இது இல்லை. டீச்சர் வகுப்பைப் பார்த்தார், பாதிப் பேருக்கு அது விளங்கியிருக்கவில்லை, ஆனால் எல்லாரும் அழகாகப் பார்த்து எழுதியிருந்தார்கள். இரண்டு மைனஸ் பெருகினால் பிளஸ், கூடினால் மைனஸ் என்று அந்தப் பாடம் முழுவதும் திரும்ப நடந்தது. அவள் கேட்காமல் இருந்திருந்தால் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில்தான் அது தெரிய வந்திருக்கும்.

அவள் இன்னும் அமைதியான பிள்ளைதான். தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்குப் பெயர் கொடுக்கவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. விளங்காததைக் கேட்கிறாள், தெரிந்ததைச் சொல்கிறாள், எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் சொந்தக்காரர் முன்னால் "இவள் வாயே திறக்க மாட்டாள்" என்று சொல்லாதீர்கள், சிரிப்புக்காகவும் வேண்டாம், பிள்ளை அதையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும். பாடசாலை விட்டு வந்ததும் "இன்றைக்குப் பேசினியா?" என்று விசாரணையும் வேண்டாம். "இன்றைக்கு டீச்சர் என்ன கேட்டார்?" என்று கேளுங்கள், பதில் சொல்லும்போதே மற்றதும் வரும்.

இன்னொரு விஷயம். வீட்டில் நன்றாகக் கதைக்கிற பிள்ளை பாடசாலையில் ஆசிரியரிடமும் இல்லை, கூட்டாளிகளிடமும் இல்லை என்று ஒரு மாதத்துக்கு மேல் யாரோடும் பேசாமல் இருந்தால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். காலையில் பாடசாலை என்றதும் வயிற்றுவலி, தலைவலி என்று அடிக்கடி வந்தாலும் கவனியுங்கள். கொப்பியில் எழுதுகிற வசனம் அதற்குப் போதாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். எங்களிடம் வந்து சொல்லுங்கள், எங்கே போவது என்று சேர்ந்து பார்ப்போம். வேலை நாளில் வர முடியாத தாய்மார் பிள்ளையிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டாலும் சரி, நானே கூப்பிடுகிறேன்.

ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் தரம் 9, 10 வகுப்புகளில் இந்தக் கொப்பி ஓர வசனத்தை விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டும் செய்து பார்க்கப் போகிறோம். உங்கள் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்பதை வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள், பிள்ளைக்கு ஓரளவு பிடித்த பாடமாக இருக்கட்டும்.

அன்புடன்,
அதிபர்