திரைப்பட மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

பொறுப்பாசிரியர் அவர்களுக்கும் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உறுப்பினர் சேர்க்கை, ஒளிப்பதிவுப் பயிலரங்கு, மாதத் திரையிடல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

அக்டோபர் 10 உலக மனநல நாளையொட்டிய விழிப்புணர்வு வாரத்துக்கு எடுத்த குறும்படத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். “ஒரு திரைக்கதைக்கு இவ்வளவு நாளா?” என்று கேட்டவர்களுக்குப் பதில் இது.

முதலில் வந்த வடிவில், அரியர் விழுந்த மாணவன் இறந்துபோவான். எப்படி என்பதுவரை எழுதியிருந்தார்கள். பிறகு வகுப்பே அழும். அது வேண்டாம் என்று நான் உறுதியாக நின்றேன். திரைத்துறையினருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும், முறையைக் காட்டாதீர்கள், ஒரே காரணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றே சொல்கிறது. ஏற்கெனவே நொந்துபோய் அரங்கில் உட்கார்ந்திருப்பவர் அந்த மாணவனில் தன்னைப் பார்ப்பார். செத்த பிறகு ஊரே உருகுவது அவருக்கு ஒரு வழியாகத் தெரிந்துவிடக்கூடும்.

“அப்போ கிளைமாக்ஸ்?” என்றார்கள். விடுதி அறையில் நடக்கும் பேச்சுதான் கிளைமாக்ஸ். ரிசல்ட் வந்ததிலிருந்து அவன் மெஸ்ஸுக்கு வருவதில்லை, தூங்குவதில்லை. தன் கால்குலேட்டரை ஜூனியரிடம் கொடுத்து, “இனி எனக்கு எதுக்கு” என்கிறான். அறைத்தோழன் இதைக் கவனிக்கிறான். “ஒரு பேப்பர்தானே, விடுடா” என்று எழுதியிருந்த வசனத்தை மனநல ஆலோசகர் அடித்தார். அது பேச வந்தவன் வாயை அடைத்துவிடும் என்றார். அதற்குப் பதில், “சாகணும்னு தோணுதாடா?” என்று நேராகவே கேட்கிறான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா என்று பலர் பயந்தார்கள். அப்படி ஆகாது, மனசிலிருப்பதைச் சொல்ல அதுவே வாசல் திறக்கும் என்று ஆலோசகர் விளக்கினார். “யார்கிட்டயும் சொல்லாதே” என்று மாணவன் கெஞ்சும்போது, “அதை மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்” என்கிறான் அறைத்தோழன். தனியே விடாமல் கூடவே இருந்து, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இருவருமாகப் பேசுகிறார்கள்.

கடைசிக் காட்சியிலும் அரியர் அப்படியே இருக்கிறது. பாஸானதால்தான் பிழைத்தான் என்று முடித்தால், பாஸாகாதவருக்கு நாம் என்ன சொல்கிறோம்?

படம் எதைப் பற்றியது என்று முன்கூட்டியே அறிவித்தோம். எழுந்து போக விரும்புபவருக்காகக் கதவைத் திறந்தே வைத்தோம். ஆலோசகர் பின்வரிசையில் இருந்தார். உதவி எண்ணை எழுதிக்கொள்ளும் அளவுக்குத் திரையில் நிறுத்தினோம்.

அன்று நாற்காலி போட வந்தவர்கள் முதலாமாண்டு மாணவர்கள் மட்டுமே. பெயர்ப்பட்டியலில் இடம் கேட்ட மூத்த உறுப்பினர்கள் பலர் வரவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்கட்டியது. பலருடைய சந்தா இன்னும் பாக்கி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. முதல்வர், ஆலோசகர், நடித்த நண்பர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு இப்படத்தைப் பெற்றோர் கூட்டத்திலும் திரையிட எண்ணியிருக்கிறோம். புரொஜெக்டர் வாடகைக்குச் சந்தாவும், கதவருகே நிற்க ஆலோசகரிடம் பயிற்சி பெறும் சிலரும் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் செமஸ்டர் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்