சதுரங்கக் கட்டமும் எக்ஸ்-ஆர் சங்கிலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், லாஜிக் சார்பைக் கட்டங்களில் நிரப்பிச் சுருக்கும் கே-மேப் பற்றி வந்த கட்டுரை, நான்கு இன்புட் எக்ஸ்-ஆர் சார்பை எடுத்துக்கொண்டு, அதன் 1-கள் சதுரங்கப் பலகை போல விழுவதால் குழு சேர்க்க முடியாது, ஆகவே சுருக்க முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. குழு சேர்க்க முடியாது என்பது சரிதான். சுருக்க முடியாது என்பது சரியல்ல. அந்தக் கட்டம் ஏன் அப்படி வருகிறது என்று விளக்காமல் விட்டதால், படிக்கும் மாணவர் அதை ஒரு விதிவிலக்காக மனப்பாடம் செய்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு இன்புட் எக்ஸ்-ஆர் கேட்டில் ஓர் இன்புட்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். அது 0 என்றால் முதல் இன்புட் அப்படியே வெளியே வருகிறது. 1 என்றால் தலைகீழாகி வருகிறது. அதாவது 0 என்பது "விட்டுவிடு", 1 என்பது "புரட்டிப் போடு". கேட்டுகளைச் சங்கிலியாகக் கோர்த்தால் ஒவ்வொரு 1-ம் அதுவரை வந்த விடையை ஒருமுறை புரட்டும். தொடக்கம் 0. ஒற்றைப்படைத் தடவை புரட்டினால் 1-ல் நிற்கும். இரட்டைப்படைத் தடவை புரட்டினால் 0-க்கே திரும்பும். மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் ஸ்விட்ச் போடுவதும் இதே கணக்குதான்.

ABCD = 1011 என்று எடுத்துக்கொள்வோம். முதலில் 1⊕0 = 1. அதனோடு அடுத்த 1 சேர, 1⊕1 = 0. கடைசி 1 சேர, 0⊕1 = 1. மூன்று 1-கள், விடை 1. எந்த வரிசையில் கோர்த்தாலும் புரட்டல்களின் எண்ணிக்கை மாறாது. ஆகவே சங்கிலியாக இல்லாமல் (A⊕B)⊕(C⊕D) என்று கிளைகளாகக் கட்டினாலும் அதே விடைதான். எட்டு இன்புட்டுக்கு இரண்டு முறையிலும் ஏழு கேட்டுகள்தான் வேண்டும். ஆனால் சங்கிலியில் சிக்னல் ஏழு கேட்டுகளைக் கடக்க நேரும், கிளை முறையில் மூன்றுதான். வேகம் முக்கியமான இடத்தில் கிளை முறையே நல்லது.

இனி கே-மேப். அதன் ஓரங்களில் 00, 01, 11, 10 என்று கிரே கோட் வரிசையில் எழுதுகிறோம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையில் ஒரே ஒரு பிட் மட்டும் மாற வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒரு பிட் மாறினால் 1-களின் எண்ணிக்கை ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும். எப்படியானாலும் ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். ஆகவே எந்தக் கட்டத்திலிருந்து ஓரடி எந்தப் பக்கம் வைத்தாலும் விடை புரண்டே தீரும்:

```
          CD
          00  01  11  10
AB  00     0   1   0   1
    01     1   0   1   0
    11     0   1   0   1
    10     1   0   1   0
```

வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குச் சுற்றி வந்தாலும் (10-லிருந்து 00) ஒரே பிட்தான் மாறுகிறது, அங்கேயும் முறை தவறவில்லை. எந்த 1-க்கும் பக்கத்தில் இன்னொரு 1 கிடையாது. ஆகவே எட்டு 1-களும் தனித்தனி. பெருக்கற்பலன்களின் கூட்டலாக எழுதினால் நான்கு மாறிகள் கொண்ட எட்டு உறுப்புகள் வரும். ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. எட்டு இன்புட் சார்பு என்றால் 128 உறுப்புகள். அதையே நான்கு இன்புட்டுக்கு மூன்று கேட்டுகளிலும் எட்டு இன்புட்டுக்கு ஏழு கேட்டுகளிலும் எக்ஸ்-ஆர் முடித்துவிடுகிறது. ஆண்ட்-ஆர் அமைப்புக்குத்தான் கே-மேப் வழிகாட்டும். சதுரங்கக் கட்டம் தெரிந்தால் அந்த அமைப்பைக் கைவிட்டு எக்ஸ்-ஆருக்குப் போக வேண்டும் என்று பொருள். இடது மேல் மூலையில் (0000) 0 இருந்தால் எக்ஸ்-ஆர். 1 இருந்தால் அதன் தலைகீழ்.

மாணவர்கள் இங்கே அதிகம் சறுக்குவது ஓரத் தலைப்புகளில்தான். பழக்கத்தில் 00, 01, 10, 11 என்று எழுதிவிட்டால் வரிசைகள் 0110, 1001, 1001, 0110 என்று வரும். நடுவில் இரண்டு 1-கள் ஒட்டி நிற்பதைப் பார்த்ததும் வளையம் போடக் கை போகும். ஆனால் 01-க்கும் 10-க்கும் இடையில் இரண்டு பிட்களும் மாறுகின்றன. தனியாக மாறி, நீக்கத் தகுந்த ஒற்றை மாறி அங்கே இல்லை. இப்படி 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சொல்லும் பாரிட்டி சார்பின் கட்டத்தில் ஒட்டிய ஜோடி தெரிந்தால் முதலில் தலைப்பைச் சரிபாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் கட்டுரை தீர்த்திருக்கலாம். சங்கிலி ஒற்றைப்படையைக் கண்டுபிடிக்கிறது என்பதால் அதன் அவுட்புட்டை ஒற்றைப் பாரிட்டி பிட்டாக அனுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1011-க்கு அவுட்புட் 1. அதைச் சேர்த்து அனுப்பினால் 10111, நான்கு 1-கள்: அது இரட்டைப் பாரிட்டி. ஒற்றைப் பாரிட்டி வேண்டுமென்றால் அவுட்புட்டைப் புரட்டி 10110 என்று அனுப்ப வேண்டும். 7486 சிப்பில் நான்கு எக்ஸ்-ஆர் கேட்டுகள் உண்டு. நான்கு பிட்டுக்கு மூன்று போக மீதமிருக்கும் ஒன்றின் ஓர் இன்புட்டை 1-ல் கட்டினால் அதுவே இன்வெர்ட்டர்.

லாஜிசிம் சிமுலேட்டரில் மூன்று இன்புட் எக்ஸ்-ஆர் ஒன்றை வைத்துவிட்டு 111 கொடுத்துப் பாருங்கள். அதன் இயல்பு அமைப்பு "ஒரே ஓர் இன்புட் மட்டும் 1" என்பது. ஆகவே 0 காட்டும். சங்கிலியோ 1 தரும். கேட்டின் அமைப்பை "ஒற்றைப்படை" என்று மாற்றுங்கள், அல்லது இரண்டு இன்புட் கேட்டுகளையே கோர்த்துக்கொள்ளுங்கள்.

போர்டில் கட்டிய பிறகு பதினாறு நிலைகளையும் கொடுத்து, வந்ததைக் கே-மேப்பில் நிரப்பினால் பிழை எங்கே என்று கட்டமே சொல்லிவிடும். D இன்புட் தரையோடு ஒட்டி 0-விலேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். முதல் வரிசை 0101 என்று வராமல் 0011 என்று வரும்: D மட்டும் மாறும் திசையில் விடை புரளாமல் நிற்கும். எந்தத் திசையில் ஜோடி சேர்கிறதோ அந்த மாறியின் கம்பியைப் பாருங்கள். சதுரங்கம் கலையாமல் 0-ம் 1-ம் மட்டும் முழுக்க இடம் மாறியிருந்தால், 0-வில் கட்ட வேண்டிய உபரி இன்புட் ஒன்று தொங்குகிறதா என்று தேடுங்கள். 74LS வகையில் தொங்கும் இன்புட் பெரும்பாலும் 1 ஆகவே நடந்துகொள்ளும், அந்த 1 எல்லா விடைகளையும் புரட்டும். 74HC வகையில் அதுவும் நிலையில்லை. கை அருகே போனாலே விடை மாறலாம்.

இப்படிக்கு,
டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் கற்பிக்கும் வாசகர்