ஒரு துண்டில் எவ்வளவு சர்க்கரை?

கும்பகோணம்

அன்புள்ள சேதுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே குறுவை அறுவடை முடிந்து வயலெல்லாம் சம்பா நடவுக்குத் தயாராகிறது. எனக்கும் தீபாவளிச் சரக்கு வேலை தொடங்கிவிட்டது.

சம்பந்திக்குச் சர்க்கரை இருப்பதால் மைசூர்பாகை விட்டுவிட்டு லட்டும் ஜிலேபியும் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாம் பட்டறையில் போடும் அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால் தப்பாகத்தான் வரும். மைசூர்பாகில் போட்டது அநேகமாக அப்படியே துண்டுக்குள் போய்விடுகிறது. ஜிலேபியில் அப்படியில்லை. பாதி சர்க்கரை பாகுச் சட்டியிலேயே தங்கிவிடும், நெய்யிலும் பெரும்பகுதி வாணலியில்தான் நிற்கும். அதனால் வேலை தொடங்கும்போது ஒரு தடவையும் முடிந்தபின் ஒரு தடவையும் சட்டியோடு தராசில் வைக்க வேண்டும். குறைந்ததுதான் தின்பவர் வயிற்றுக்குப் போவது.

போன வாரம் ஜிலேபிக்கு அப்படித்தான் பார்த்தேன். மைதா 250 கிராம். ஒரு கிலோ சர்க்கரையைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சியதில் பாகு 1,350 கிராம் நின்றது. சுட்டு முக்கி எடுத்தபின் 650 கிராம் பாகு மிச்சம். ஆக, ஜிலேபி குடித்தது 700 கிராம் பாகு. அதில் சர்க்கரை மட்டும் சுமார் 520 கிராம், மீதி தண்ணீர். வாணலியில் நெய் 140 கிராம் குறைந்திருந்தது. 40 கிராம் எடையில் 27 ஜிலேபி வந்தது. ஒன்றுக்கு மாவு 9, சர்க்கரை 19, நெய் 5 கிராம். மீதி ஈரம்.

லட்டில் பாகு மிஞ்சாது, பூந்தி முழுவதையும் இழுத்துக்கொள்ளும். அரைக் கிலோ கடலை மாவு, ஒரு கிலோ சர்க்கரை. பூந்தி பொரிந்ததிலும் முந்திரி வறுத்ததிலும் போன நெய் 300 கிராம். இதே 40 கிராம் எடையில் 50 உருண்டை பிடிக்கலாம். ஒன்றுக்கு மாவு 10, சர்க்கரை 20, நெய் 6.

இப்போது மைசூர்பாகைப் பார். கடலை மாவு 250, சர்க்கரை 500, நெய் 600. மாவு நுரைத்துப் பொங்கி, ஊற்றுகிற நெய்யை இனிமேல் வாங்காமல் ஓரத்தில் கக்கும் இடத்தில் இறக்கித் தட்டில் கொட்டுவோம். தட்டைச் சாய்த்து வைத்தால் 100 கிராம் நெய் வடிந்து வந்துவிடும். உள்ளே நின்றது 500. 40 கிராம் துண்டு ஒன்றுக்கு மாவு 8, சர்க்கரை 16, நெய்யும் 16!

நீ ஒதுக்கிவைத்த மைசூர்பாகில்தான் சர்க்கரை குறைவு. நெய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கலோரி என்று பார்த்தால் கதை மாறிவிடும். ஒரு கிராம் நெய்க்கு 9, சர்க்கரைக்கும் மாவுக்கும் ஏறக்குறைய 4. மைசூர்பாகு 240 பக்கம் வரும், லட்டு 170, ஜிலேபி 160. சர்க்கரைக்காரருக்கும் எடை குறைக்கிறவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பது இதனால்தான். அப்புறம், மைதா மாவும் உள்ளே போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும், அதுவும் சீக்கிரமாக. கடலை மாவில் புரதம் உண்டு, அது மெதுவாகச் செரிக்கும். ஆகவே மூன்றிலும் சம்பந்திக்கு ஜிலேபியைத்தான் நான் முதலில் தள்ளுவேன்.

இந்தக் கணக்கு எங்கள் பட்டறைக் கணக்கு என்பதை மறக்காதே. நெய் சரியாகக் காயாமல் மாவை விட்டால் பூந்தி இன்னும் நிறைய நெய் குடிக்கும். ஒரு சொட்டு மாவு விட்டதும் உடனே மேலே எழும்ப வேண்டும். அடியில் உட்கார்ந்து யோசித்தால் சூடு போதவில்லை. பிழிந்து பார்த்தால் கையில் நெய் வழியும் லட்டு அப்படி வந்ததுதான். கெட்டியாக இல்லாமல் வாயில் கரைகிற மைசூர்பாகில் நான் சொன்னதைவிட நெய் கூடுதலாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் உருண்டையின் அளவுதான். கல்யாண லட்டு 60 கிராமுக்குப் பிடிப்பார்கள். அதில் சர்க்கரை 30 கிராம். தாம்பூலப் பைக்கு 25 கிராம் உருண்டையாகப் பிடிக்கச் சொல்கிறேன், சர்க்கரை 12, 13 கிராமோடு நின்றுவிடும். பந்தியில் சம்பந்தி இலைக்கு மைசூர்பாகு பாதித் துண்டு வைக்கலாம், 8 கிராம் சர்க்கரை. அதுவும் அவருக்கு வைத்தியர் விட்டிருக்கிற அளவுக்குள் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

எத்தனை பை, எத்தனை இலை என்று எழுது. நெய் வாங்க வேண்டும்; முகூர்த்த மாதத்தில் கடைசி நேரத்தில் நல்ல நெய் கிடைப்பது சிரமம். அண்ணியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜு