நடுவில் நிற்பவரின் தொப்பி

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள சலீம்,

நீ அனுப்பிய பழைய கல்யாணப் படம் கிடைத்தது. கடைவீட்டு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நிற்கும் மூவருமே சொங்கோக் என்ற கறுப்பு மலாய்த் தொப்பி போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். வலது பக்கத்து ஆள் போட்டிருப்பது சொங்கோக்தான். நடுவில் நிற்பவர் தலையில் இருப்பது குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி.

கறுப்பாக இருக்கிறதே என்பாய். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகள் பலவற்றுக்கும் சிவப்பு ஒளி உறைக்காது. சிவப்புத் தொப்பி கறுப்பாகத்தான் பதியும். கறுப்புக் குஞ்சமும் அதோடு கலந்து மறைந்துவிடும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, செய்த விதத்தைப் பார்.

சொங்கோக்கில் இரண்டு பாகம்: சுற்றுச் சுவர், மேல்தட்டு. சுவருக்குள் அட்டையோ பழைய செய்தித்தாளோ அடுக்கி விறைப்பாக்கி, மேலே வெல்வெட் போர்த்தித் தைப்பார்கள். அதனால் சுவர் ஏறக்குறைய நேராக நிற்கும்; மேல்தட்டு சேரும் விளிம்பு கூர்மையாகத் தெரியும். அந்த மேல்தட்டு நீள்வட்டம். எதிரே பார்த்தால் குறுகலாகவும் பக்கவாட்டில் நீளமாகவும் இருக்கும். வெல்வெட்டின் முடி வெளிச்சத்தை ஓரங்களில் மட்டும் பிடிக்கும். வலது ஆளின் தொப்பி ஓரத்தில் அந்த மங்கிய வெள்ளைக் கோட்டைக் கவனி.

துருக்கித் தொப்பி, கம்பளியை இறுக்கி ஃபெல்ட்டாக்கி அச்சில் ஏற்றி எடுப்பது. சுவருக்கும் மேல்தட்டுக்கும் நடுவே தையல் கிடையாது, விளிம்பு சற்றே மழுங்கியிருக்கும். அடிப்பகுதி தலைக்கேற்பக் கொஞ்சம் நீள்வட்டமாகும். மேலே போகப் போகச் சிறுத்து, தட்டு வட்டமாக முடியும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேமராவைத் தாழ வைத்து மேல்நோக்கி எடுத்தால் நேரான சுவரும் மேலே குறுகியதுபோல் விழும். உன் படத்தில் அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. பின்னால் உள்ள இரண்டு தூண்களும் இணையாகவே நிற்கின்றன, கேமரா சாயவில்லை. வலது ஆளின் தொப்பியும் குறுகவில்லை. ஆகவே நடுவில் தெரியும் சரிவு தொப்பியின் சரிவேதான்.

இடது ஆளுடையது இரண்டும் இல்லை என்பது என் கணிப்பு. மேல்கோடு தட்டையாக இல்லாமல் நடுவில் பள்ளம் விழுகிறது, பரப்பிலும் சுருள் சுருளாகத் தெரிகிறது. ஆட்டுக்குட்டித் தோலில் செய்யும் கராகுல் தொப்பி அப்படித்தான் இருக்கும். நீளவாக்கில் மடித்து வைக்கக்கூடியது என்பதால் அந்தப் பள்ளம்.

குஞ்சம் கிடைத்தால் பேச்சே வேண்டியதில்லை. தொப்பிக்குள் தேடாதே, கறுப்பில் கறுப்பு தெரியாது. வெளிச்சமான சுவர் பின்னணியாக இருக்கும் பக்கம், தொப்பியின் அடிக்கோட்டுக்குக் கீழே, காதுக்குப் பின்னால் நூல் நுனி ஏதாவது தொங்குகிறதா என்று பார். கைபேசியில் எடுத்த நகலில் கறுப்பெல்லாம் ஒரே திட்டாகிவிட்டது. அசல் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, எந்தத் திருத்தமும் போடாமல் டிஃப் கோப்பாக அனுப்பு. தானாகவே கறுப்பை ஆழப்படுத்தும் வசதி ஸ்கேனரில் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடு.

அன்புடன்,
கண்ணன்