மினிட்ஸ் கையெழுத்தாகாமல் மாத மடல் எழுத மாட்டேன்

எங்கள் வாய்க்கால் பாசனதாரர் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஏப்ரல் கூட்டம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. அதற்குள் உங்களில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்: "என்னப்பா, மடல் இன்னும் வரலையே?" வரும். ஆனால் வரப்போவது மார்ச் கூட்டத்தைப் பற்றிய மடல். ஏப்ரல் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இந்தக் கடிதத்திலும் ஒரு வரி சொல்ல மாட்டேன். அந்த மினிட்ஸ் இன்னும் ஒப்புதல் பெறவில்லை. உறுப்பினர்கள் யாருமே படிக்கலாம் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன், ஏனென்றால் தாமதத்துக்குத் திட்டு வாங்குவது நீங்கள் மட்டுமல்ல, நானும்தான்.

போன வருடம் ஆகஸ்டில் நான் செய்த தவறு உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூட்டத்தில் முறைப்பாசனம் பற்றிப் பேச்சு வந்தது. தலைமடைக்கு நான்கு நாள், கடைமடைக்கு மூன்று நாள் என்று ஒருவர் சொன்னார், பலர் தலையாட்டினார்கள். என் நோட்டில் "4 நாள் / 3 நாள்" என்று எழுதிக்கொண்டேன். இரண்டாம் நாளே மடல் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று: "இனி கடைமடைக்கு வாரம் 3 நாள் தண்ணீர்."

அடுத்த மாதம் மினிட்ஸ் வாசித்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு முடிவே இல்லை. கடைமடைக்கு மூன்று நாள் கேட்டு நீர்வளத்துறைக்கு மனுக் கொடுப்பது என்றுதான் தீர்மானம். அதுதானே நடக்கவும் முடியும்? நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாற்றுக்கு எவ்வளவு, பாமணியாற்றுக்கு எவ்வளவு என்று பிரிப்பது நம் சங்கம் அல்ல. அங்கே அளவைக் குறைத்தால் நம் வாய்க்காலில் நான்கு நாளும் இல்லை, மூன்று நாளும் இல்லை. இதெல்லாம் தெரிந்த நானே அப்படி எழுதினேன்.

அந்த மடலை நம்பி, கடைமடையில் ஒரு பெரியப்பா சம்பாவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் விட்டார். பத்து நாள் நாற்று. தண்ணீர் வரவில்லை. வெடித்துப்போன நாற்றங்கால் வரப்பில் நின்றபடி, "தண்ணி வரலைன்னு கோவமில்ல தம்பி. நீ எழுதுனதப் படிச்சுத்தான் வெதச்சேன்" என்றார். விதைக்கான பணத்தை நான் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மடலில் இருக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் விரல் வைத்துக் காட்ட, ஒப்புதல் பெற்ற மினிட்ஸில் ஓர் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாக்கியம் மடலில் இருக்காது. என் காதால் கேட்டிருந்தாலும் சரி, என் நோட்டில் இருந்தாலும் சரி.

இது எப்படி வேலை செய்கிறது என்று மார்ச் கூட்டத்தின் 6-ஆம் தீர்மானத்தை வைத்துக் காட்டுகிறேன். புத்தகத்தில் இருப்பது இது:

"நமது வாய்க்காலின் கடைமடைப் பகுதியில் தூர்வாரும் பணி குறித்து விவாதிக்கப்பட்டது. எதிர்வரும் மே மாதம் 20-ஆம் தேதிக்குள் நீர்வளத்துறையால் மேற்படி பணி தொடங்கப்படாத பட்சத்தில், சங்க உறுப்பினர்களிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ரூ.150 வீதம் பங்குத்தொகை வசூலித்துச் சங்கமே பணியை மேற்கொள்வதெனவும், இயந்திர வாடகைக்குக் குறைந்தபட்சம் மூன்று விலைப்புள்ளிகள் பெற்று அடுத்த கூட்டத்தில் வைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்வதெனவும் பெரும்பான்மை ஆதரவுடன் தீர்மானிக்கப்பட்டது."

மடலில் வரப்போவது இது:

"கடைமடையில் தூர்வாரும் வேலையை நீர்வளத்துறை மே 20-க்குள் தொடங்காவிட்டால் சங்கமே செய்யும். அப்படிச் சங்கம் செய்தால் மட்டும் உறுப்பினர்களிடம் ஏக்கருக்கு 150 ரூபாய் வசூல். மூன்று மா ஒரு ஏக்கர் என்ற நம் கணக்கில் மாவுக்கு 50 ரூபாய். இப்போது யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. இயந்திர வாடகைக்கு மூன்று கொட்டேஷனாவது வாங்கி, மார்ச்சுக்கு அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறது. இது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல, பெரும்பான்மை முடிவு. (தீர்மானம் 6)"

இதில் கவனிக்க வேண்டியது அந்த "தொடங்கப்படாத பட்சத்தில்" என்ற சொற்கள்தான். நீளமான வாக்கியத்தை உடைக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த நிபந்தனை. அது போனால் "தூர்வார ஏக்கருக்கு 150 ரூபாய்" என்று மட்டும் மிஞ்சும். மறுநாள் காலையில் பொருளாளர் வீட்டு வாசலில் பாதிப் பேர் பணத்தோடும் பாதிப் பேர் சண்டையோடும் நிற்பார்கள். அதனால்தான் நிபந்தனையைத் தொகைக்கு முன்னால் வைத்தேன். எவ்வளவு என்பதற்கு முன்பே எப்போது என்பது தெரிந்துவிட வேண்டும்.

மா கணக்கு மினிட்ஸில் இல்லையே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அது வெறும் வகுத்தல், ஏக்கர் தொகையும் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் நிலம் எவ்வளவு என்றால் யார் ஏக்கரில் சொல்கிறார்கள்? ஆனால் இன்னொரு சொல்லை நானே அடித்தேன். இயந்திரம் என்பதை முதலில் "பொக்லைன்" என்று எழுதியிருந்தேன். எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் எந்த வண்டி என்று கூட்டம் முடிவு செய்யவில்லை. நான் அப்படி எழுதினால், நாளை வேறு வண்டிக்குக் கொட்டேஷன் வந்தால் செயலாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எளிய சொல் வேறு, கூடுதல் தகவல் வேறு.

அப்புறம், அந்த "பெரும்பான்மை ஆதரவுடன்". புத்தகத்தைப் பார்த்தால் அங்கே முதலில் "ஏகமனதாக" என்று எழுதி, ஒரே கோடாக அடித்து, மேலே திருத்தி, பக்கத்தில் தலைவர் சுருக்கொப்பம் வைத்திருப்பது தெரியும். வரைவில் தவறாக வந்தது, ஒப்புதலுக்கு முன் திருத்தப்பட்டது. நான் வரைவைப் பார்த்து மடல் அடித்திருந்தால், எதிர்த்துக் கை தூக்கியவர்களும் ஆதரித்தார்கள் என்று ஊருக்கே சொல்லியிருப்பேன். அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். மினிட்ஸில் அது இல்லை. அதனால் மடலிலும் இல்லை. பதிவாக வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், வரைவு வாசிக்கும்போது கேட்டிருக்க வேண்டும். என்னிடம் வந்து கேட்டுப் பயனில்லை.

வினைச்சொற்களிலும் இதே கவனம் வேண்டியிருக்கிறது. "விவாதிக்கப்பட்டது" என்றால் பேசினோம், முடிவில்லை. "பரிசீலிக்கலாம் என முடிவு செய்யப்பட்டது" என்றால் பிறகு பார்க்கலாம் என்பதுதான் முடிவு. "தீர்மானிக்கப்பட்டது" என்று இருந்தால்தான் நடக்கும் என்று நான் எழுத முடியும். போன வருடம் நான் மூன்றாவதாக எழுதியது உண்மையில் முதலாவதுதான்.

எல்லாவற்றையும் மடலில் போடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மினிட்ஸில் சந்தா பாக்கி வைத்திருக்கும் ஏழு பேரின் பெயர் இருக்கிறது. மடலில் "ஏழு பேர் பாக்கி" என்று மட்டும் வரும். மினிட்ஸில் இருப்பதை நான் விடலாம், இல்லாததைச் சேர்க்கத்தான் கூடாது. ஆனால் ஒரு தீர்மானத்தை முழுசாக விட எனக்கு உரிமை இல்லை. எனக்குப் பிடிக்காத தீர்மானமும் எண்ணோடு வரும்.

இப்போது உங்களிடம் நான் கேட்பது. மடல் சீக்கிரம் வர வேண்டுமானால் என்னை அவசரப்படுத்துவதில் பயனில்லை, மினிட்ஸைத்தான் சீக்கிரம் எழுத வேண்டும். இப்போது அடுத்த கூட்டத்துக்கு முந்தின நாள் இரவில்தான் வரைவு தயாராகிறது. ஒரு மாதம் கழித்து, யாருக்கும் சரியாக நினைவில்லாத ஒன்றை வாசித்து, எல்லோரும் சரி என்கிறோம். கூட்டம் முடிந்து பத்து நாளுக்குள் வரைவு நிர்வாகக் குழுவுக்கு வந்துவிட்டால், நினைவு இருக்கும்போதே பிழை தெரியும். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக ஒப்புதல், கையெழுத்து, மூன்றாம் நாள் மடல். அது என் பொறுப்பு.

வரைவைத் திருத்தும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நடந்ததற்கு மாறாக எழுதியிருந்தால் திருத்துங்கள். முடிவே இப்போது பிடிக்கவில்லை என்பதற்காகத் திருத்தாதீர்கள். 150 ரூபாய் அதிகம் என்று யாருக்காவது தோன்றினால் அதற்குப் புதிய தீர்மானம் வேண்டும். பழைய மினிட்ஸில் 100 என்று மாற்றினால், நான் மடலில் எழுதும் 100 புத்தகத்தோடு ஒத்துப்போகும், நடந்ததோடு ஒத்துப்போகாது. என் விதியால் அந்தப் பொய்யைப் பிடிக்க முடியாது.

இன்னொன்று சொன்னால் கோபிப்பீர்கள், பரவாயில்லை. கூட்டம் தொடங்கும்போதே வெற்றுப் பக்கத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தை மேலே பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வந்ததற்கு ஒப்பம் என்றுதான் எல்லோரும் நினைத்துப் போடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது தீர்மானத்துக்கு ஒப்பம். வருகைக்குத் தனிப் பக்கம் வையுங்கள். தீர்மானம் முடிகிற வரிக்குக் கீழே கோடு போட்டு, அதன் கீழ் தலைவர் தேதியோடு கையெழுத்துப் போடட்டும்.

அவசரச் செய்திக்கு என்ன செய்வது? மதகு திறக்கும் நாள், கரை உடைப்பு, மருந்து முகாம் மாதிரி காத்திருக்க முடியாதவை இருக்கத்தான் செய்யும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு நெருங்கும்போது இன்னும் அதிகம் இருக்கும். அதைச் செயலாளர் தன் கையெழுத்தோடு அறிவிப்பாகப் பலகையில் ஒட்டட்டும், வாட்ஸ்அப்பில் போடட்டும். அது செயலாளரின் அறிவிப்பு. அதற்கு மேல் மாத மடலின் தலைப்பைப் போட வேண்டாம்.

மார்ச் மடல் தயார். நாளை காலை டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் கிடைக்கும். ஒவ்வொரு பத்திக்குக் கீழேயும் தீர்மான எண் இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் செயலாளர் வீட்டில் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொன்னார். ஏப்ரல் மினிட்ஸில் மே கூட்டத்தில் கையெழுத்தானதும் சொல்லி அனுப்புங்கள், அன்றைக்கே வந்து உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாத மடல் எழுதும் உங்கள் உறுப்பினர்