ஓதம் கதைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

விடியற்காலையில் கரையில் வலையைச் சரிசெய்தபடியே தாத்தா பேரனுக்கு, கடல்நீர் ஏறி வற்றுவதைக் குறிக்கும் 'ஓதம்' என்ற சொல்லைக் கற்றுத்தரும் கதையை ஒருவழியாக முடித்துவிட்டேன். தனியாக எழுதியிருந்தால் தப்பும் தவறுமாகத்தான் வந்திருக்கும்.

முதல் நன்றி, கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்ட மீனவப் பெரியவருக்கு. ஐயா, முதல் வரைவில் ஒரு அலை வந்து பேரனின் காலை நனைக்கும், "இதுதான் ஓதம்" என்பார் தாத்தா. நீங்கள் அங்கேயே கையமர்த்தினீர்கள். "அது அலை. ஏத்தமும் வத்தமும் அப்படிச் சட்டுன்னு தெரியாது. ஒரு குச்சியை நட்டுட்டு வேலையைப் பாருங்க. ஒரு அலையை வச்சு முடிவு பண்ணாதீங்க, பத்து அலை எதுவரைக்கும் ஏறுதுன்னு பாருங்க." இப்போது கதையில், நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் தாத்தா ஈர விளிம்பில் குச்சி நடுகிறார். ஒரு கிழிசலை அடைத்து முடிப்பதற்குள் குச்சி தண்ணீருக்குள் நிற்கிறது.

வலை ஊசியை என் கையில் கொடுத்துப் பழக்கிய அக்காவுக்கும் நன்றி. கிழிசலை அப்படியே தைக்கக் கூடாது, பிய்ந்த நூல்களை முதலில் வெட்டி ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும் என்றபோது நான் நம்பவே இல்லை. மூன்று நூல் பிரியும் முடிச்சில் தொடங்கி, அதேபோன்ற இன்னொரு முடிச்சில் முடித்தால்தான் கண்ணிகள் கணக்காகச் சேரும் என்பது என் முடிச்சு நழுவிய பிறகே புரிந்தது. பேரனின் முடிச்சும் கதையில் ஒருமுறை நழுவுகிறது.

நேரக் கணக்கைத் திருத்திய ஆசிரியருக்குத் தனி நன்றி. தினமும் காலை 6 மணிக்கே நீர் வற்றுவதாக எழுதியிருந்தேன். நிலவும் நகர்வதால் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்றீர்கள். பௌர்ணமியன்று 6 மணிக்கு வற்றிய நீர் மறுநாள் 6.50க்குத்தான் வற்றும். ஏழு நாளில் கிட்டத்தட்ட 6 மணி நேரம் தள்ளிவிடும், அதே விடியலில் நீர் ஏறி நிற்கும். அன்று அரைநிலவு என்பதால் பௌர்ணமி அளவுக்கு உயராது. எல்லாக் கரையிலும் கணக்கு இப்படியே வராது, சில இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான் என்றும் சொன்னீர்கள். அதனால் தாத்தா "நம்ம கரையில" என்றே பேசுகிறார்.

கடைசியாக, கதை கேட்ட சின்னப் பையனுக்கு. "சுவத்துல அடிக்குமே, அந்த ஓதமா?" என்று கேட்டாயே கண்ணா, அதைத்தான் பேரனின் முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன். தாத்தா பதில் சொல்லாமல் குச்சியைக் காட்டுகிறார்.

நன்றியுடன்,
கதையை எழுதியவர்