‘அந்த அளவுக்கு நான் மோசம் இல்லையே’

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் மனநல ஆலோசனைக்கு அழைக்கும் பதிவுகளும் விளம்பரங்களும் கூடிவிடுகின்றன. இருட்டறையில் முழங்காலில் முகம் புதைத்த ஒரு பெண், கீழே ‘மூன்றே அமர்வில் மனச்சோர்வுக்கு விடை’. மதுரையில் பல ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். நானும் முன்பு அந்த மாதிரிப் படம் போட்டவள்தான்.

ஒரு கல்லூரி மாணவர் வந்த பிறகு நிறுத்திவிட்டேன். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போவதே குறைந்து, நான்கு மாதம் கழித்து வந்தார். “உங்க பதிவை அப்பவே பார்த்தேன் மேடம். படத்துல இருக்கிற அளவுக்கு நான் மோசம் இல்லையேன்னு விட்டுட்டேன்” என்றார். அழைப்பதற்காகப் போட்ட படமே அவரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறது.

இப்போது என் பதிவில் இரண்டு நாற்காலியும் ஜன்னலும்தான் படம். வாசகம் இது: “தூக்கம், படிப்பு, வீட்டுப் பிரச்சினை எதுவானாலும் பேச வரலாம். முதல் சந்திப்பு 50 நிமிடம், கட்டணம் 600 ரூபாய். சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டாம். மறுபடி வருவதா என்று கடைசியில் சேர்ந்து முடிவு செய்யலாம். வாட்ஸ்ஆப்பில் பெயர் மட்டும் அனுப்பினால் போதும், காரணம் எழுத வேண்டாம். உடனே உதவி தேவைப்பட்டால் எனக்காகக் காத்திருக்காமல் 14416-ஐ அழையுங்கள்.” அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

‘காரணம் எழுத வேண்டாம்’ என்ற வரியைப் பிறகுதான் சேர்த்தேன். பதிவுக்குக் கீழேயே ஒரு பெண் தன் வீட்டுக் கதையை எழுதிவிட்டார். உறவினர்கள் பார்ப்பதற்குள் அதை மறைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் பின்னூட்டப் பகுதியையே மூடிவிட்டேன்.

மூன்று அமர்வு வாக்குறுதி இன்னும் மோசம். ஆளைப் பார்க்காமல் எத்தனை அமர்வு என்று எப்படிச் சொல்வது? சோர்வும் தூக்கமுமாக வருபவருக்குத் தைராய்டு குறைவாக இருக்கலாம். அவரை முதலில் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். வாக்குறுதியை நம்பிப் போய், மூன்று முடிந்தும் மாற்றம் தெரியாதவர், ஆலோசகரைக் குறை சொல்வதில்லை. ‘எனக்குத்தான் சரியாகாது போல’ என்று வீட்டோடு இருந்துவிடுகிறார். அப்படி வேறிடத்தில் விட்டுவிட்டு, வெகுநாள் கழித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு.

உங்கள் பக்கங்களிலும் இந்த விளம்பரங்கள் வருகின்றன. அடுத்த முறை வாங்கும்போது அமர்வுக் கணக்கையும் அழும் படத்தையும் எடுத்துவிட்டு, ஆலோசகரின் படிப்பு, கட்டணம், நேரம் மூன்றையும் போடச் சொல்லுங்கள். 14416-க்கும் ஒரு வரி இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு மனநல ஆலோசகர்,
மதுரை